ராகுகாலத்துக்கு முன்னால் புறப்பட்ட டிரெய்லர்கள்

எனக்குப் பதற்றம் வந்தால் முதலில் கை விசிலைத்தான் தேடும். ஊதிய பிறகுதான் எதற்கு ஊதினோம் என்று யோசிப்பேன். ஒருமுறை எங்கள் ஆலை வாசலில் நான் ஊதிய ஊதலுக்கு, முன்னால் வந்துகொண்டிருந்த டிரெய்லர் நின்றது, பின்னால் போய்க்கொண்டிருந்த டிரெய்லரும் நின்றது, ரோட்டில் போன டவுன் பஸ்ஸும் நின்று இரண்டு பேர் இறங்கிவிட்டார்கள். அவர்களை மறுபடி ஏற்றிவிடத் தனியாக ஒரு ஊதல் ஊத வேண்டியிருந்தது.

நான் வேலை பார்ப்பது நாமக்கல்லுக்குத் தெற்கே, நெடுஞ்சாலையை ஒட்டியிருக்கும் ஒரு பெரிய எஃகுத் தகட்டு ஆலையில். தகட்டைப் பாய் போலச் சுருட்டி, டிரெய்லரில் ஏற்றி அனுப்புவார்கள். ஒரு சுருள் நாலைந்து யானை எடை இருக்கும். எனக்கும் சுருளுக்கும் சம்பந்தமில்லை. அதை ஏற்ற வரும் வண்டிகள்தான் என் பொறுப்பு. எந்த வண்டி எங்கே நிற்கிறது, எது உள்ளே வரலாம், எது எப்போது கிரேனுக்கு அடியில் போக வேண்டும், எது கிளம்பலாம் என்று பார்ப்பது யார்டு சூப்பர்வைசர் வேலை. "வண்டியை ஓட்டறவனுக்குச் சம்பளம் குடுப்பாங்க, நிறுத்தறவனுக்குமா குடுக்கறாங்க?" என்று என் மனைவி கல்யாணமான புதிதில் கேட்டாள். இன்னும் அவளுக்குச் சந்தேகம் தீரவில்லை.

வேலை என்னவோ பார்க்க எளிதுதான். ஆலைக்கு வரும் டிரெய்லர்கள் முதலில் அரை மைல் தள்ளியிருக்கும் வெளி மைதானத்தில் நிற்கும். உள்ளே இடம் காலியானால் டிரைவரின் போனுக்குக் குறுஞ்செய்தி போகும். வண்டி வாசலுக்கு வரும். அங்கே லைசென்ஸ், இன்சூரன்ஸ், வண்டித் தகுதிக்கான எஃப்சி பார்ப்பார்கள். குடித்திருக்கிறாரா என்று டிரைவரைக் கருவியில் ஊதச் சொல்வார்கள். டயர், சங்கிலி, சக்கரத்துக்கு வைக்கும் கட்டை எல்லாம் இருக்கிறதா என்று சுற்றிவந்து பார்ப்பார்கள். அப்புறம் எடைமேடையில் காலி எடை. யார்டில் ஒரு இடம். முறை வந்தால் கிரேன். சுருள் ஏறியதும் சங்கிலி கட்டி, தார்ப்பாய் போட்டு, மறுபடி எடைமேடையில் பார எடை. கடைசியாக வெளிவாசலில் பில்லும் கட்டும் பார்த்துவிட்டுத் தடுப்புக் கட்டையைத் தூக்குவார்கள். வண்டியின் கண்ணாடியில் ஒட்டியிருக்கும் பட்டையை அங்கிருக்கும் கருவி படித்துக்கொள்ளும். படித்த நொடியில் என் திரையில் அந்த வண்டி நின்ற இடம் சிவப்பிலிருந்து பச்சையாக மாறும். பச்சையானதும் வெளி மைதானத்தில் நிற்கும் அடுத்த வண்டிக்குத் தானாகவே அழைப்புப் போய்விடும். யாரும் யாரையும் கூப்பிட வேண்டாம், கத்த வேண்டாம். ரோட்டில் வரிசை நிற்காது. நகரத்திலிருந்து வந்து இந்த ஏற்பாட்டைப் போட்டுக்கொடுத்த பிள்ளைகள் எல்லாவற்றையும் யோசித்துத்தான் செய்திருந்தார்கள். ராகுகாலத்தை மட்டும் விட்டுவிட்டார்கள்.

எங்கள் பக்கத்து டிரைவர்கள் காஷ்மீர் வரைக்கும் பனியில் ஓட்டுவார்கள், பாலம் இல்லாத ஆற்றில் இறக்குவார்கள். பாரம் ஏற்றின வண்டியை ராகுகாலத்தில் எடுக்கச் சொன்னால் மட்டும் மாட்டார்கள். அதிலும் வெள்ளிக்கிழமை பத்தரையிலிருந்து பன்னிரண்டு வரைக்கும் எங்கள் யார்டு, மதியத் தூக்கம் போடும் எருமைக் கூட்டம் மாதிரி இருக்கும். ஏற்றி முடித்த வண்டிகள் நின்ற இடத்திலேயே நிற்கும். திரை முழுக்கச் சிவப்பு. மேலேயிருந்து பெரிய அதிகாரி போன் செய்வார். "ஏன் வெள்ளிக்கிழமையானா மட்டும் உங்க யார்டுக்கு ஜுரம் வருது?" என்பார். ராகு என்று சொல்ல முடியுமா? "ஆபரேஷனல் டிலே சார்" என்பேன். ராகுவுக்கு நான் வைத்த ஆபீஸ் பெயர் அது.

அப்போதுதான் எனக்கு அந்த யோசனை உதித்தது. ஊர்ப் பக்கம் நல்ல நேரத்தில் கிளம்ப முடியாதவர்கள், முன்கூட்டியே ஒரு பையைப் பக்கத்து வீட்டில் கொண்டுபோய் வைத்துவிட்டு வருவார்கள் இல்லையா? அப்படி வைத்துவிட்டால் பயணம் தொடங்கிவிட்டதாகக் கணக்கு. அதையே வண்டிக்கும் செய்தால் என்ன? "பத்தரைக்கு முன்னால வாசலத் தாண்டி வெளிய நிறுத்திக்கங்க. பொறப்பட்ட மாதிரியும் ஆச்சு, பன்னெண்டுக்கு மேல நிம்மதியாப் போன மாதிரியும் ஆச்சு" என்றேன். டிரைவர்களுக்குப் பரம சந்தோஷம். வாசலிலிருந்து நெடுஞ்சாலையோரச் சர்வீஸ் ரோடு வரைக்கும் இருக்கும் எங்கள் சின்னச் சாலையில், போகிற பக்கத்து ஓரமாக மூன்று நான்கு டிரெய்லர்கள் நின்றுகொள்ளும். என் திரை பச்சைப் பசேலென்று ஆகிவிடும். அதிகாரி அந்த மாதக் கூட்டத்தில் என்னைப் பெயர் சொல்லிப் பாராட்டினார். அன்றைக்கு வீட்டுக்கு அல்வா வாங்கிக்கொண்டு போனேன். திரையில் பச்சை, தரையில் வண்டி. இரண்டும் ஒன்றல்ல என்று அல்வா தின்கிற வாய்க்குத் தோன்றவில்லை.

இனி அந்த டிரைவரைச் சொல்ல வேண்டும். முப்பத்தேழு முப்பத்தெட்டு வயது. கபிலர்மலைப் பக்கம் ஊர். அப்பா அம்மா இல்லை, ஒரு அக்காதான். எங்கள் ஆலைக்கு மாதம் ஏழெட்டு நடை வருவார். எத்தனை மணி நேரம் நிறுத்தி வைத்தாலும் முகம் சுளிக்காத ஆள். எங்கள் பக்கத்தில் லாரி ஓட்டுகிறவனுக்குப் பெண் கிடைப்பது எவ்வளவு கஷ்டம் என்று எல்லாருக்கும் தெரியும். பார்த்துவிட்டுப் போன இடமெல்லாம், "பையன் நல்ல பையன்தான், ஆனா ஊட்டுக்கு எப்ப வருவான்னு யாருக்குத் தெரியும்?" என்று முடித்துவிடுவார்கள். ஆவணி மாதம் ஒரு வியாழக்கிழமை சாயங்காலம் வண்டியை உள்ளே கொண்டுவந்தவர், என் கண்ணாடி அறைக்கு வந்து தயங்கித் தயங்கி நின்றார்.

"ஏனுங்ணா, நாளைக்கு எனக்குக் கொஞ்சம் வெரசா வுட்டுருவீங்களா?"

"ஏன்? காஷ்மீரா?"

"இல்லீங்ணா. ஜேடர்பாளையம்."

"சுருள ஏத்திக்கிட்டு ஜேடர்பாளையத்துக்கா? அணைக்கட்டுக்குத் தகரம் அடிக்கப் போறாங்களா?"

அவர் சிரிக்கவில்லை. காது சிவந்துவிட்டது. "பொண்ணு பாக்கப் போறமுங்க" என்றார்.

அப்புறம் மெல்லச் சொன்னார். ஜேடர்பாளையத்தில் ஒரு தையல்கடை வைத்திருக்கும் பெண். அப்பா இல்லை. தாய்மாமன்தான் எல்லாம். அவருக்கு லாரிக்காரன் என்றதுமே விருப்பமில்லை. அக்கா நடையாய் நடந்து பேசி, வெள்ளிக்கிழமை பன்னிரண்டே காலுக்கு மேல் ஒரு மணிக்குள் வரச் சொல்லியிருக்கிறார்கள். மாமன் அதற்கப்புறம் திருப்பூர் போய்விடுவார். காலையில் சுருளை ஏற்றிக்கொண்டு வெளியே வந்து, வெளி மைதானத்தில் காத்திருக்கும் மாற்று டிரைவரிடம் வண்டியை ஒப்படைத்துவிட்டு, பைக்கில் போய்விடலாம் என்று திட்டம்.

"மாப்ளே, ஒன்பது மணிக்கெல்லாம் உன்ன வெளிய தள்ளிவிட்டுர்றேன்" என்றேன். "போயி நல்லாப் பவுடர் போட்டுக்க."

அன்றைக்கு ராத்திரி கிரேன் படுத்துக்கொண்டது.

விடிய விடிய ஆட்கள் சரிசெய்து, காலையில்தான் ஓட ஆரம்பித்தது. தேங்கிக் கிடந்த வண்டிகள் எல்லாம் வரிசையாக ஏறின. ஏறி முடித்த ஒவ்வொரு டிரைவரும் கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு, "பத்தரைக்குள்ள வாசலத் தாண்டிரணுமுங்க" என்று பறந்தார். நானும் உற்சாகமாகத் தள்ளினேன். எப்போதும் மூன்று நான்கு நிற்கிற ஓரத்தில் அன்றைக்கு ஒன்பது டிரெய்லர்கள். அத்தனையும் வாசலைத் தாண்டிப் புறப்பட்டுவிட்டவை. அத்தனையும் நகராமல் நிற்பவை. வரிசையின் முதல் வண்டி, சர்வீஸ் ரோட்டுத் திருப்பத்தின் வாயிலேயே மூக்கை நீட்டிக்கொண்டு நின்றது.

நம்ம மாப்பிள்ளை கடைசி. சங்கிலி ஒன்று தளர்ந்திருக்கிறது என்று வாசல் செக்யூரிட்டி அதிகாரி நிறுத்தி மறுபடி இறுக்கச் சொன்னார். அவர் ராணுவத்திலிருந்து வந்தவர். நாங்கள் பட்டாளத்தார் என்போம். அவர் சொன்னது சரிதான். அந்தச் சுருள் திருப்பத்தில் நழுவினால் ரோட்டில் போகிறவன் மிஞ்சமாட்டான். இறுக்கிக் கட்டிவிட்டு, பத்தரை அடிக்கச் சற்று முன்னால் மாப்பிள்ளை வண்டியை வாசலுக்கு வெளியே நீட்டினார். கருவி படித்துக்கொண்டது. முகப்பு வெளியே போனது. முன்னால் ஒன்பது வண்டிகள். பின்பாதி இன்னும் வாசலுக்குள். அவ்வளவுதான், நின்றுவிட்டது. தூக்கிய கட்டையை இறக்க முடியாமல் பட்டாளத்தார் சல்யூட் அடிக்கிறவர் மாதிரி பார்த்துக்கொண்டிருந்தார்.

என் திரையில் பத்து இடம் பச்சை. எனக்கு மனசு குளிர்ந்தது. திரைக்கும் குளிர்ந்திருக்க வேண்டும். வெளி மைதானத்தில் நின்ற பத்து டிரெய்லர்களுக்கு ஒரே மூச்சில் அழைப்பு அனுப்பிவிட்டது.

அவர்கள் வந்தார்கள். முதலில் வந்தவர் சர்வீஸ் ரோட்டிலிருந்து எங்கள் சாலைக்குள் திருப்பினார். டிரெய்லர் திரும்பும்போது முகப்பு போகிற வழியில் பின்சக்கரம் போகாது. உள்பக்கமாக அறுத்துக்கொண்டு வரும். அதனால் அகலமாக வளைக்க வேண்டும். வளைக்க வேண்டிய இடத்தில்தான் வரிசையின் முதல் வண்டி நின்றது. முகப்பு எங்கள் சாலைக்குள் வந்துவிட்டது, வால் சர்வீஸ் ரோட்டில் குறுக்கே நின்றது. இன்னும் ஒரு அடி எடுத்தால் நிற்கிற வண்டியை உரசும். பின்னால் போகலாம் என்றால் அடுத்து வந்த வண்டி முட்டிக்கொண்டு நிற்கிறது. அதற்குப் பின்னால் இன்னொன்று. சர்வீஸ் ரோடு முடிந்து, வால் நெடுஞ்சாலையைத் தொட்டுவிட்டது.

நான் விசில் ஊதினேன்.

ஊதிக்கொண்டே ஓடினேன். இடது கையால் வா என்றேனாம், வலது கையால் நில் என்றேனாம். ஹெல்மெட்டைப் பின்பக்கம் முன்னால் வரும்படி மாட்டியிருந்தேன். யாரோ ஒரு கிளீனர் குடிக்க வைத்திருந்த மோரை வாங்கிக் குடித்துவிட்டு, பாட்டிலை என் சட்டைப் பையில் செருகிக்கொண்டேன். இதையெல்லாம் பிற்பாடு வாசலில் இருந்தவர்கள் நடித்துக்காட்டித்தான் எனக்குத் தெரியும். அன்றைக்கு எனக்குத் தெரிந்தது ஒன்றுதான்: முதல் வண்டி ஒரே ஒரு வண்டி நீளம் முன்னால் நகர்ந்து சர்வீஸ் ரோட்டில் ஏறினால் எல்லாமே அவிழ்ந்துவிடும்.

முதல் வண்டிக்காரர் பெரியவர். நெற்றி நிறையத் திருநீறு. தென்னை நிழலில் துண்டை விரித்து உட்கார்ந்து வெற்றிலை போட்டுக்கொண்டிருந்தார். மற்ற டிரைவர்களும் சுற்றி உட்கார்ந்திருந்தார்கள்.

"பெரியவரே, வண்டியைக் கொஞ்சம் முன்னால எடுங்க" என்றேன்.

"பன்னெண்டு ஆவட்டும் சாமி."

"ஒரே ஒரு வண்டி நீளம்!"

"மணி என்னன்னு பாத்தீங்களா?"

"பாத்தனுங்க. ஆனா நீங்கதான் பொறப்பட்டாச்சே! பத்தரைக்கு முன்னாலயே வாசலத் தாண்டியாச்சு. இப்ப எடுத்தா அது பொறப்படறதுல சேராது. வழியில போறதுதானே?"

கூட்டத்தில் ஒருத்தர் தலையாட்டினார். "அவரு சொல்றதும் நாயந்தானுங்க. பொறப்பட்ட வண்டி பொறப்பட்டதுதான்."

"அதெப்படிறா?" என்றார் இன்னொருவர். "பொறப்பட்டு நின்னுபோச்சு. நின்னத மறுக்கா எடுத்தா, புதுசா எடுக்கறதுதான்."

"அப்ப சிக்னல்ல நின்னா?"

"சிக்னல்ல எஞ்சின் ஓடுமில்ல? இது அணைச்சுப்போட்ட வண்டி."

நான் உருவாக்கிய சாஸ்திரத்துக்கு என் கண் முன்னாலேயே உரை எழுதிக்கொண்டிருந்தார்கள். அணைக்காமல் விட்டிருந்தால் நகரலாம், அணைத்துவிட்டால் நகரக்கூடாது என்று முடிவாயிற்று. நான் இதை முன்பே சொல்லியிருந்தால் டீசல் போனாலும் பரவாயில்லை என்று எல்லோரும் எஞ்சினை ஓடவிட்டிருப்பார்களாம். ஒருவர் வருத்தத்தோடு சொன்னார்.

"பெரியவரே, பின்னால ஒரு பையன் பொண்ணு பாக்கப் போகணும்" என்றேன் கடைசியாக.

பெரியவர் வெற்றிலையைத் துப்பிவிட்டு எழுந்து வரிசையின் கடைசிக்கே நடந்தார். நான் பின்னாலேயே போனேன். வண்டியில் புதுச் சட்டையோடு உட்கார்ந்திருந்த மாப்பிள்ளையைக் கூப்பிட்டார்.

"சாமி, பொண்ணு பாக்கப் போறியா?"

"ஆமாங்க மாமா."

"ராவுகாலத்துல வழியுட்டு, அந்த வழியில நீ பொண்ணு பாக்கப் போனா உருப்படுமா? நான் வண்டிய நகத்துனா எனக்கு ஒண்ணுமில்ல. பாவம் உனக்குல்ல வந்து சேரும். பொறு. பன்னெண்டு அடிச்சதும் நானே முன்னால எடுத்து வழி உடறேன்."

அவர் அதை அன்போடுதான் சொன்னார். அதுதான் அன்றைக்கு நடந்ததிலேயே கஷ்டமான விஷயம். திட்டியிருந்தால் நான் சண்டை போட்டிருப்பேன்.

நடுவில் நெடுஞ்சாலை ரோந்து ஜீப் வந்தது. இறங்கிய காவலர் வரிசையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், என் பையிலிருந்த மோர் பாட்டிலைப் பார்த்தார். விஷயத்தைச் சொன்னேன். அவரும் கடிகாரத்தைப் பார்த்துவிட்டு, "இன்னும் கொஞ்ச நேரந்தானே" என்றார். நெடுஞ்சாலையில் நீண்டிருந்த வாலுக்குப் பின்னால் சிவப்புக் கூம்புகளை வைத்துவிட்டு அவரும் நிழலுக்குப் போனார்.

மாப்பிள்ளையின் போன் அடித்துக்கொண்டே இருந்தது. அக்கா. முதல் தடவை பேசும்போது, "வந்துட்டே இருக்கறேன்க்கா" என்றார். இரண்டாம் தடவை, "கெளம்பிட்டேன்க்கா, வாசல்லதான் நிக்கறேன்" என்றார். அப்புறம் எடுத்து, "ம்" என்று மட்டும் சொல்லிவிட்டு வைத்துவிட்டார்.

என் ஸ்கூட்டர் சாவியை நீட்டினேன். "நீ போ. வண்டிய நான் பாத்துக்கறேன்."

பட்டாளத்தார் குறுக்கே வந்தார். "வாசலுக்குள்ள பாதி வண்டி நிக்குது. டிரைவர் இல்லாம எப்படி? கேட் பாஸ் இவர் பேர்லதான் இருக்கு, மாத்து டிரைவரயும் இங்க ஏத்த முடியாது. நாளைக்கு ஒண்ணு ஆனா யார் பதில் சொல்றது?"

"நான் சொல்றேன்!"

"நீங்க அரைமணியா வா-வும் நில்-லும் ஒண்ணாச் சொல்றீங்க. உங்க பதில எவன் கேப்பான்?"

மாப்பிள்ளை சாவியை வாங்கவில்லை. ஸ்டீயரிங்கில் கையை வைத்துக்கொண்டு முன்னால் நின்ற வரிசையைப் பார்த்தார், கண்ணாடியில் பின்னாலும் பார்த்தார். "வாசல அடச்சுட்டு நிக்குதுங்ணா நம்ம வண்டி. வழி கெடச்சதும் மொதல்ல இதத்தான் எடுத்தாகணும். வுட்டுட்டு எப்படிப் போறது?" என்றார். "பன்னெண்டுக்குத்தான எடுக்கறேன்னு சொல்லியிருக்கறாரு. பரமத்தி வழியாப் போனா ஒரு மணிக்குள்ள புடிச்சிரலாமுங்க."

பன்னிரண்டு அடித்தது. ஒன்பது எஞ்சின்களும் ஒரே சமயத்தில் உறுமின. வந்தது விடிவுகாலம் என்று நினைத்தேன். பெரியவர் இறங்கிப் போய் நான்கு எலுமிச்சம்பழத்தைச் சக்கரத்துக்கு அடியில் வைத்து, கற்பூரம் கொளுத்தி, சுற்றிவந்து கும்பிட்டு, ஏறி எடுத்தார். சொன்ன சொல் தவறவில்லை. சர்வீஸ் ரோட்டில் ஏறினார். அவருக்குப் பின்னால் இருந்தவரும் எலுமிச்சம்பழம் எடுத்துக்கொண்டு இறங்கினார். அவருக்குப் பின்னால் இருந்தவர் சின்னப் பூசணிக்காயே வைத்திருந்தார். நான் விசிலைக் கடித்துக்கொண்டு நின்றேன். நல்ல நேரத்தில் செய்கிற பூசையை எந்த வாயால் தடுப்பது? நடுவில், உள்ளே வர முடியாமல் குறுக்கே நின்ற வண்டி வேறு, இடம் கிடைத்ததும் நேராகி உள்ளே வந்து வாசலில் லைசென்சைக் காட்ட நின்றது.

மாப்பிள்ளை எந்த எலுமிச்சம்பழமும் வைக்காமல் வண்டியை எடுத்தார். வெளி மைதானத்தில் மாற்று டிரைவரிடம் ஒப்படைத்துவிட்டு அவர் இறங்கியபோது ஒரு மணி தாண்டிவிட்டது. யார்டைப் பட்டாளத்தாரிடம் விட்டுவிட்டு நானும் ஸ்கூட்டரில் வந்து நின்றேன். "ஏறு. நான் வந்து சொல்றேன். தப்பு உன் பேர்ல இல்லைன்னு சொல்றதுக்கு ஆள் வேணுமில்ல?" என்றேன்.

வழியெல்லாம் என்ன பேசுவது என்று ஒத்திகை பார்த்துக்கொண்டு போனேன். பரமத்தி தாண்டியதும் வாழைத் தோப்புகளும் வெற்றிலைக் கொடிக்காலும் வந்தன. நான் எதையும் பார்க்கவில்லை.

அந்த வீட்டு வாசலில் கார் நின்ற தடம்தான் இருந்தது. மாமன் திருப்பூர் போய்விட்டார். கூடத்தில் பாய் இன்னும் சுருட்டாமல் இருந்தது. தட்டுகளின் மேல் செய்தித்தாள் மூடியிருந்தது. மாப்பிள்ளையின் அக்கா எங்களைப் பார்த்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டார். பெண்ணின் அம்மா மட்டும், "வாங்க, உக்காருங்க. சாப்புடறீங்களா?" என்றார்.

நான் ஆரம்பித்தேன். திரை, பச்சை, சிவப்பு, பட்டையைப் படிக்கும் கருவி, பின்சக்கரம் உள்பக்கமாக அறுப்பது, ராகுகாலம், எஞ்சினை அணைத்தால் ஒரு கணக்கு அணைக்காவிட்டால் ஒரு கணக்கு. இரண்டு கையையும் டிரெய்லராக்கித் திருப்பிக் காட்டினேன். காபி டம்ளர் ஒன்று கவிழ்ந்தது. அந்த அம்மாவுக்கு ஒன்றும் புரியவில்லை என்று முகத்திலேயே தெரிந்தது. ஆனாலும் என் வாய் நிற்கவில்லை.

நிலைப்படியில் நின்று கேட்டுக்கொண்டிருந்த பெண்தான் என் பேச்சை நிறுத்தினார். கழுத்தில் அளவுநாடா இன்னும் தொங்கியது. எங்களுக்காகக் காத்திருந்து பார்த்துவிட்டு வேலையில் உட்கார்ந்துவிட்டார் போல. என்னை விட்டுவிட்டு மாப்பிள்ளையைப் பார்த்துக் கேட்டார்.

"இந்த மாதிரி எப்பவாச்சும்தான் ஆகுமுங்களா, இல்ல அடிக்கடி ஆகுமுங்களா?"

என் நாக்கில் பொய் தயாராக இருந்தது. "சத்தியமா இதுதான் மொதத் தடவை, இனிமே ஆகவே ஆகாது" என்று. வாழ்க்கையில் அவ்வளவு தீவிரமாக நான் எதையும் சொல்லத் துணிந்ததில்லை. வாயைத் திறப்பதற்குள் மாப்பிள்ளை சொல்லிவிட்டார்.

"அடிக்கடி ஆகுமுங்க. நிக்கறதுதான் பாதி வேலை."

அந்தப் பெண் தலையசைத்தார். கோபமில்லை. உள்ளே போய் இன்னொரு டம்ளர் காபி கொண்டுவந்து, நான் கொட்டியதற்குப் பதிலாக என் முன்னால் வைத்தார்.

ஞாயிற்றுக்கிழமை அக்காவுக்குத் தகவல் வந்தது. மாமன் சொன்னது இல்லையாம், பெண்ணே சொன்னதாம். "நல்லவராத்தான் தெரியறாரு. ஆனா காத்துக்கிட்டே இருக்கறது என்னால ஆகாதுங்க" என்று. அடுத்தவனைக் காக்க வைப்பதற்குத்தான் எனக்கு மாதாமாதம் சம்பளமே வருகிறது.

இப்போது வெளிவாசல் கருவியைச் சர்வீஸ் ரோட்டு முனைக்கு மாற்றிவிட்டேன். வண்டி உண்மையிலேயே எங்கள் சாலையை விட்டுப் போனால்தான் அதன் இடம் பச்சையாகும். ராகுகாலத்துக்காக நிற்கிறவர்களுக்கு யார்டின் கிழக்கு மூலையில் தனியாக ஓர் ஓரம் ஒதுக்கியிருக்கிறேன். வெள்ளிக்கிழமை திரை சிவப்பாகத்தான் இருக்கிறது. அதிகாரி போன் செய்தால், "ராகுகாலம் சார்" என்று சொல்லிவிடுகிறேன். அவர், "சரி, பன்னெண்டுக்கு மேல கூப்பிடறேன்" என்கிறார். இவ்வளவு எளிதாக முடிகிற விஷயம் என்று முன்னமே தெரியாமல் போயிற்று.

மாப்பிள்ளை இன்னும் எங்கள் ஆலைக்கு வந்துகொண்டுதான் இருக்கிறார். தை மாதத்தில் ஒரு நாள் கிரேன் மறுபடி மக்கர் செய்து வண்டிகள் நின்றன. என் அறைக்குத் தண்ணீர் பிடிக்க வந்தவரை உட்காரச் சொன்னேன். ரொம்ப நாளாகக் கேட்க நினைத்ததை அன்றைக்குக் கேட்டேன்.

"ஏப்பா, அன்னிக்கு அந்தப் பொண்ணு கேட்டப்ப, எப்பவாச்சும்தான்னு ஒரு வார்த்தை சொல்லியிருந்தா என்ன? நானே சொல்ல இருந்தேன்."

அவர் பாட்டிலின் மூடியைத் திருகிக்கொண்டே சிரித்தார்.

"நீங்க சொல்லியிருப்பீங்கன்னு தெரியுமுங்ணா. அதனாலதான் வெரசாச் சொன்னேன்." பிறகு என் திரையை எட்டிப் பார்த்தார். "இன்னிக்கு நான் எப்ப உள்ள வந்தனுங்க? அதுல இருக்குமில்ல, பாத்துச் சொல்லுங்க."

அவர் வண்டி எண்ணைத் தட்டினேன். உள்ளே வந்த நேரமும், அதற்குப் பக்கத்தில் இதுவரை நின்ற நேரமும் வந்தன. பார்த்தேன். பதினாலு மணி நேரம். திரையைக் கொஞ்சம் என் பக்கமாகத் திருப்பிக்கொண்டு, "கிரேன்காரனுக்குப் போன் போட்டுப் பாக்கறேன், இரு" என்றேன்.